24ஆம் திருவிழாவுக்கு 23ஐத்தான் கூட்ட வேண்டும்: திகதிக் கணிப்பானும் தவறிப்போன தேரும்

கடந்த ஆண்டு நல்லூர்த் தேரைப் பார்ப்பதற்காக ரொறன்ரோவிலிருந்து புறப்பட்டு வந்த என் பெரியம்மாவின் மகன், தேரைக் கட்டுநாயக்காவில் கைத்தொலைபேசித் திரையில் பார்த்தார். விமானநிலைய வைஃபை கிடைத்ததும் முதலில் வந்து விழுந்தது யாரோ பகிர்ந்த காணொளி. தேர் வீதி வலம் வந்து இருப்பிடத்துக்குத் திரும்பிவிட்டிருந்தது. அன்று ஓகஸ்ட் 21, வியாழக்கிழமை. அவருடைய கணக்கில் தேர் மறுநாள் வெள்ளிக்கிழமை.

தாயாருக்குச் சொல்லாமல் வந்து வாசலில் நிற்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதனால் ஊரில் ஒருவரிடமும் திகதி கேட்கவில்லை. 2025இல் கொடியேற்றம் ஜூலை 29 என்பது அவருக்குத் தெரியும். தேர் 24ஆம் திருவிழா என்பதும் தெரியும். இணையத்தில் ஒரு திகதிக் கணிப்பானைத் திறந்து, ஜூலை 29 என்று கொடுத்து, அதனுடன் 24 நாளைக் கூட்டச் சொன்னார். ஓகஸ்ட் 22 என்று விடை வந்தது. அதை நம்பி விமானச்சீட்டு எடுத்தார், வேலையில் விடுமுறை எடுத்தார். இரவு பஸ்ஸில் வந்து 22ஆம் திகதி விடிய வீட்டு வாசலில் நின்றபோது பெரியம்மா அழுதுகொண்டே கேட்டது, "ஒரு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதோ ராசா?" என்பதுதான்.

கணிப்பான் பிழை விடவில்லை. ஜூலை 29உடன் 24 நாளைக் கூட்டினால் ஓகஸ்ட் 22தான் வரும். பிழை கேள்வியில் இருந்தது. அவர் கேட்டிருக்கவேண்டியது 24ஐக் கூட்டி அல்ல, 23ஐக் கூட்டி. இந்த ஒரு நாள் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் கொடியேற்றம், நோன்பு, நவநாள், விடுமுறை, அறை வாடகை என்று எதையும் தடுமாறாமல் எண்ணலாம்.

கதியாலும் இடைவெளியும்

யாழ்ப்பாணத்து வேலியை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடி இடைவெளியில் கதியால் நட்டுப் பத்து அடி நீளத்துக்கு வேலி போடவேண்டும். எத்தனை கதியால் வேண்டும்? பத்து என்று சொல்லிக்கொண்டு வெட்டப் போனால் கடைசியில் ஒன்று குறையும். பத்து இடைவெளிக்குப் பதினொரு கதியால் வேண்டும். தொடக்கத்தில் நிற்கும் முதல் கதியாலுக்கு முன்னால் இடைவெளி இல்லை. அதனால்தான் கதியாலின் எண்ணிக்கை எப்போதும் இடைவெளியை விட ஒன்று கூட.

நாட்களும் இப்படித்தான். திருவிழா நாட்கள் கதியால்கள். ஒரு நாளிலிருந்து அடுத்த நாளுக்குப் போகும் தாவல் இடைவெளி. நல்லூர்த் திருவிழா 25 நாள் என்று சொல்லும்போது நாங்கள் கதியாலை எண்ணுகிறோம். கொடியேற்றம் முதலாம் திருவிழா. சப்பரம் 23ஆம் திருவிழா, தேர் 24ஆம் திருவிழா, தீர்த்தம் 25ஆம் திருவிழா. ஆனால் திகதிக் கணிப்பான் எண்ணுவது இடைவெளியை. ஜூலை 29இலிருந்து ஓகஸ்ட் 22க்கு எத்தனை நாள் என்று கேட்டால் 24 என்று சொல்லும். 25 நாள் திருவிழாவில் முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையே 24 தாவல்தான் உண்டு.

இதை இரண்டு வரியில் நினைவில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு திகதிக்கும் இடையே உள்ள வித்தியாசத்துடன் ஒன்றைக் கூட்டினால் திருவிழா எத்தனை நாள் என்பது வரும். திருவிழாவின் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, கொடியேற்றத் திகதியுடன் கூட்டினால் அந்தத் திருவிழாவின் திகதி வரும்.

2025இன் திகதிகளில் போட்டுப் பார்ப்போம். கொடியேற்றம் ஜூலை 29. தேர் 24ஆம் திருவிழா, ஆகவே கூட்டவேண்டியது 23. ஜூலை மாதம் 31 நாள் என்பதால் முதல் இரண்டு நாள் ஜூலை 31க்குக் கொண்டு வந்து விடும். மிச்சம் 21. ஆகவே தேர் ஓகஸ்ட் 21. தீர்த்தத்துக்கு 24ஐக் கூட்டினால் ஓகஸ்ட் 22. இரண்டும் சரி. 2024இலும் இதே கணக்குப் பொருந்தும். கொடியேற்றம் ஓகஸ்ட் 9, தேர் செப்டெம்பர் 1, தீர்த்தம் செப்டெம்பர் 2.

கிழமையை வைத்தும் ஒரு சரிபார்ப்பு உண்டு, அதற்குக் கணிப்பானே தேவையில்லை. 23 நாள் என்பது மூன்று கிழமையும் இரண்டு நாளும். முழுக் கிழமைகள் நாளை மாற்றாது. 2025இல் கொடி ஏறியது செவ்வாய்க்கிழமை. செவ்வாயிலிருந்து இரண்டு நாள் தள்ளினால் வியாழன். ஆகவே செவ்வாயில் கொடியேறினால் தேர் வியாழனில்தான் ஓடும். என் அண்ணா தன் கையில் இருந்த வெள்ளிக்கிழமையை இப்படி ஒருமுறை பார்த்திருந்தால் அங்கேயே இடறியிருக்கும்.

கணிப்பான் எதைச் சேர்க்கிறது, எதை விடுகிறது

இணையத்தில் பலரும் பயன்படுத்தும் timeanddate.com தளத்தின் திகதிக் கணிப்பானைத் திறந்தால், திகதி போடும் பெட்டிகளுக்குக் கீழே சிறிய சதுரம் ஒன்று இருக்கும். அதன் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கும்: `Include end date in calculation (1 day is added)`. பெரும்பாலானவர்கள் இதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இந்தச் சதுரம்தான் முழுக் கதையும்.

அதில் அடையாளம் இடாமல் விட்டால், தொடக்க நாள் சேர்க்கப்படும், முடிவு நாள் சேர்க்கப்படாது. ஜூலை 29இலிருந்து ஓகஸ்ட் 22 வரை 24 நாள் என்று விடை வரும். அடையாளம் இட்டால் முடிவு நாளும் சேர்ந்து 25 என்று வரும். அடைப்புக்குள் ஒரு நாள் கூட்டப்படும் என்று எழுதியிருப்பது இதைத்தான்.

எல்லாக் கணிப்பான்களும் இப்படித் தெளிவாகச் சொல்வதில்லை. கைத்தொலைபேசிச் செயலிகள் பலவற்றில் விடை மட்டும் இருக்கும், எப்படி எண்ணினோம் என்ற விளக்கம் இருக்காது. அப்படியான கணிப்பான் கையில் கிடைத்தால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரே திகதியைக் கொடுங்கள். பூச்சியம் என்று விடை வந்தால் அது இடைவெளியை எண்ணுகிறது. ஒன்று என்று வந்தால் இரண்டு முனையையும் சேர்த்து எண்ணுகிறது. பத்து விநாடி வேலை. அந்தக் கணிப்பானை எதற்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்பது உடனே தெரிந்துவிடும்.

நாளைக் கூட்டும் கணிப்பானில் மட்டும் இந்தச் சதுரத்தை எதிர்பார்க்காதீர்கள். அது நீங்கள் கொடுத்த எண்ணுக்கு அத்தனை தாவல் தாவும், அவ்வளவுதான். அதையும் சோதிக்கலாம். முதலாம் திருவிழாவுக்கு என்ன எண்ணைக் கொடுத்தால் கொடியேற்ற நாளே விடையாக வரும் என்று பாருங்கள். பூச்சியம் கொடுத்தால்தான் வரும். ஒன்றாம் திருவிழாவுக்குப் பூச்சியம் என்றால் இருபத்துநான்காம் திருவிழாவுக்கு இருபத்துமூன்று. சூத்திரம் மறந்துபோனாலும் இந்த வழியால் திரும்பிப் பிடித்துவிடலாம்.

"இன்னும் எத்தனை நாள் கிடக்கு?"

இதுவரை பார்த்தது திருவிழா எத்தனை நாள் நடக்கும் என்ற கேள்வி. திருவிழாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்பது வேறு கேள்வி. இதில்தான் முகநூலில் ஒவ்வொரு ஆண்டும் ஒரே நாளில் ஒரு பக்கம் மூன்று நாள் என்றும் மற்றப் பக்கம் நான்கு நாள் என்றும் போட்டு, கீழே கருத்துப் பெட்டியில் சண்டை நடக்கிறது.

ஓகஸ்ட் 18, திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்வோம். தேர் 21. சாதாரணப் பேச்சில் "தேருக்கு இன்னும் மூன்று நாள்" என்போம். இது இடைவெளி எண்ணிக்கை. 21இலிருந்து 18ஐக் கழித்தால் மூன்று. நாளை இரண்டு நாள் என்போம், மறுநாள் "விடிஞ்சால் தேர்" என்போம், தேரன்று பூச்சியம். மிச்ச நாளை எண்ணும்போது இதுதான் பொருத்தமான முறை. நாள் வந்ததும் எண் பூச்சியத்தில் வந்து நிற்கவேண்டும். இந்தக் கேள்விக்கு அந்தச் சதுரத்தில் அடையாளம் இடக் கூடாது. இட்டால் தேரன்று காலையிலும் "இன்னும் ஒரு நாள்" என்று காட்டும்.

நான்கு நாள் என்று போட்டவர் 18, 19, 20, 21 என்று விரலை மடித்தவர். அவரும் கற்பனையாகச் சொல்லவில்லை. இன்றிலிருந்து தேர் வரைக்கும் நான்கு நாளும் கோயிலுக்குப் போகப் போகிறவருக்கு அந்த நான்குதான் வேண்டும். அன்னதானத்துக்கு அரிசி கணக்குப் பார்ப்பவருக்கும் அப்படியே. இன்றும் சமைக்கவேண்டும், தேரன்றும் சமைக்கவேண்டும். எனவே நான்கு நாளுக்கான அரிசி. காத்திருக்கும் நாளை எண்ணுகிறோமா, வேலை செய்யும் நாளை எண்ணுகிறோமா என்று முதலில் தீர்மானித்துக்கொண்டால் சண்டைக்கு இடமில்லை.

இதற்குள் மூன்றாவது எண் ஒன்றும் வந்து சேரும். மணியும் நிமிடமும் ஓடும் கடிகார வகை எண்ணிக்கையை 18ஆம் திகதி இரவு ஒன்பது மணிக்குப் பார்த்தால் இரண்டு நாளும் மூன்று மணித்தியாலமும் என்று காட்டும். 21ஆம் திகதி பிறக்கும் நள்ளிரவு வரைக்கும் உள்ள உண்மையான நேரம் அதுதான். ஆனால் சில செயலிகள் மணித்தியாலத்தை மறைத்து, நாளை மட்டும் காட்டும். அப்போது திரையில் தெரிவது இரண்டு. நாட்காட்டியோ மூன்று என்கிறது. செயலி முழுதாகக் கழியும் நாட்களை மட்டும் எண்ணி, மிச்ச மணித்தியாலங்களை வெட்டி எறிந்துவிட்டது. காலையில் பார்த்த எண்ணும் இரவில் பார்த்த எண்ணும் ஒரே நாளுக்குள் மாறினால், அது நாளை எண்ணாமல் மணியை எண்ணும் கருவி என்று தெரிந்துகொள்ளலாம்.

புலம்பெயர்ந்து இருப்பவர்களுக்கு இதோடு "இன்று" என்ற சொல்லும் சிக்கலாகும். கோடை காலத்தில் ரொறன்ரோ இலங்கையை விட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. நல்லூரில் தேரன்று அதிகாலை நான்கு மணியாகும்போது அங்கே முதல் நாள் மாலை ஆறரை. கணிப்பானில் "இன்று" என்ற பொத்தானை அழுத்தினால் அது பெரும்பாலும் உங்கள் கருவியின் திகதியை எடுத்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில் தேருக்கு ஆட்கள் கோயிலடிக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள், ரொறன்ரோவில் உள்ளவரின் திரையில் இன்னும் ஒரு நாள். நேரலையில் பார்க்க நினைப்பவர்கள் மிச்ச நாளைப் பார்க்காமல், இலங்கை நேரத்தைத் தங்கள் நேரத்துக்கு மாற்றிக் குறித்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. அங்கே வியாழக்கிழமைத் தேர் இவர்களுக்குப் புதன்கிழமை இரவு.

ஊர் எண்ணும் முறை ஒன்றல்ல

எந்த நாளைச் சேர்ப்பது என்பது கணினி கொண்டுவந்த குழப்பம் அல்ல. எங்கள் பண்டிகைகள் பல தொடக்க நாளையும் சேர்த்து எண்ணும் வழக்கத்தில் வந்தவை. நல்லூர்க் கொடியேற்றத்தையே எடுங்கள். ஆடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் கொடி ஏறும் என்று சொல்வார்கள். 2025இல் ஆடி அமாவாசை ஜூலை 24. கணிப்பானில் ஆறு நாளைக் கூட்டினால் ஜூலை 30 வரும். கொடி ஏறியதோ 29இல். 2024இல் ஆடி அமாவாசை ஓகஸ்ட் 4, ஆறைக் கூட்டினால் 10, கொடி ஏறியது 9இல். இரண்டு ஆண்டும் ஒரே நாள் வித்தியாசம். அமாவாசையையே முதலாம் நாளாக எண்ணினால்தான் ஆறாம் நாள் கொடியேற்றத்தில் வந்து பொருந்துகிறது. ஆகவே அண்ணாவின் பிழையை அமாவாசையில் தொடங்கியும் விடலாம். அங்கே ஒரு நாள், கொடியிலிருந்து தேருக்கு இன்னொரு நாள் என்று இரண்டு இடத்திலும் விட்டால் இரண்டு நாள் பிந்திப் போய் நிற்கவேண்டியதுதான்.

மடுத் திருவிழா வேறு மாதிரி. ஓகஸ்ட் 6இல் கொடியேற்றம், ஓகஸ்ட் 15இல் பெருவிழா. இடையில் நடப்பது ஒன்பது நாள் நவநாள். கணிப்பானும் 6இலிருந்து 15க்கு ஒன்பது என்றே காட்டும். இங்கே ஒன்றைக் கூட்டத் தேவையில்லை. நவநாள் 6ஆம் திகதி தொடங்கி 14ஆம் திகதியோடு நிறைகிறது, பெருவிழா அந்த ஒன்பதுக்கு வெளியே பத்தாம் நாளாக நிற்கிறது. தொடக்க நாளைச் சேர்த்து முடிவு நாளை விடும் கணிப்பானின் இயல்பான முறையும் நவநாளின் முறையும் தற்செயலாக ஒன்றாக அமைந்துவிட்டன. ஆனால் கொடியேற்றம் முதல் பெருவிழா வரைக்கும் மடுவில் தங்கப் போகும் குடும்பத்துக்கு அது பத்து நாள்.

கந்தசஷ்டியில் மறுபடியும் ஒன்றைக் கூட்டவேண்டும். 2025இல் விரதம் ஒக்டோபர் 22இல் தொடங்கியது, சூரன்போர் 27இல். கணிப்பான் ஐந்து என்று காட்டும். விரதம் ஆறு நாள். ஏனென்றால் ஆறாம் நாளாகிய சஷ்டியே சூரன்போர் நாள், அது விரதத்துக்கு உள்ளே இருக்கிறது. ஹஜ் பெருநாளும் இப்படி உள்ளே இருக்கும் நாள்தான். துல்ஹஜ் மாதத்தின் பத்தாம் நாள் பெருநாள் என்பதால், பிறை கண்டு தீர்மானித்த முதலாம் நாளின் திகதியுடன் ஒன்பதைக் கூட்டவேண்டும், பத்தை அல்ல.

ஆகவே பொதுவாக ஒன்றைக் கூட்டுங்கள் என்றோ கூட்டாதீர்கள் என்றோ சொல்லிவிட முடியாது. கேட்கவேண்டியது இதுதான்: அந்த எண்ணுக்குள் கடைசிப் பண்டிகை நாள் இருக்கிறதா, அல்லது அதற்கு முதல் நாளோடு எண் முடிந்துவிடுகிறதா? நல்லூரின் 25க்குள் தீர்த்தம் இருக்கிறது. மடுவின் ஒன்பதுக்குள் பெருவிழா இல்லை.

இன்னொரு எல்லையும் உண்டு. கணிப்பானுக்குத் திகதி தெரியும், திதி தெரியாது. திதி சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான தூரத்தை வைத்து நகர்வது. அது எப்போதும் 24 மணித்தியாலமாக இருப்பதில்லை. சில வேளை ஒரே திதி இரண்டு சூரிய உதயத்தைத் தொடும். 2025இல் நவராத்திரிப் பிரதமை செப்டெம்பர் 22இல் வந்தது, விஜயதசமி ஒக்டோபர் 2இல் வந்தது. பிரதமை முதலாம் நாள், தசமி பத்தாம் நாள் என்று எண்ணி ஒன்பதைக் கூட்டியவருக்கு ஒக்டோபர் 1 கிடைத்திருக்கும். அந்த ஆண்டு நடுவில் ஒரு திதி நீண்டதால் பதினொரு நாள் ஆயிற்று. இப்படியான பண்டிகைக்கு முதலில் பஞ்சாங்கத்தைப் பார்த்து இரண்டு திகதியையும் எடுத்துக்கொள்ளவேண்டும். அதன் பிறகுதான் கணிப்பானுக்கு வேலை.

விரிதாளில் போடுபவர்களுக்கு

கோயில் சபைகளிலும் ஊர்ச் சங்கங்களிலும் உபயகாரர் பட்டியலை இப்போது எக்செலிலோ கூகுள் ஷீட்ஸிலோ தான் வைத்திருக்கிறார்கள். அங்கே கணக்கு இன்னும் சுருக்கம். A1இல் கொடியேற்றத் திகதியும் B1இல் தீர்த்தத் திகதியும் இருந்தால் மூன்று வரி போதும்.

```
=B1-A1
=B1-A1+1
=A1+24-1
```

முதலாவது இடைவெளியைத் தரும். இரண்டாவது திருவிழா எத்தனை நாள் என்பதைத் தரும். மூன்றாவது 24ஆம் திருவிழாவின் திகதி. விடை திகதியாக வராமல் 45 ஆயிரத்தைத் தாண்டிய ஓர் எண்ணாக வந்தால் பயப்படத் தேவையில்லை, அந்தக் கட்டத்தின் வடிவத்தைத் திகதி என்று மாற்றிவிடுங்கள்.

வேலை நாட்களை எண்ணும் `NETWORKDAYS` என்ற சூத்திரம் மட்டும் இவற்றிலிருந்து விலகி நிற்கும். அது தொடக்க நாள், முடிவு நாள் இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறது. ஓகஸ்ட் 18 திங்கள் முதல் 22 வெள்ளி வரை அதில் போட்டால் ஐந்து வரும், சாதாரணக் கழித்தலில் நான்கு வரும். விடுமுறை விண்ணப்பத்துக்கு ஐந்துதான் சரி. இரண்டு நாளும் வேலைக்குப் போகப் போவதில்லையே. ஏற்கெனவே சேர்த்து எண்ணும் சூத்திரத்துக்கு மேல் பழக்கதோஷத்தில் இன்னும் ஒன்றைக் கூட்டினால் தேவையில்லாமல் ஒரு நாள் விடுமுறை போய்விடும்.

திகதி எழுதும் ஒழுங்கும் கவனிக்கவேண்டியது. நாங்கள் நாளை முதலில் எழுதுகிறோம், அமெரிக்க ஒழுங்கில் அமைந்த கணினி மாதத்தை முதலில் வாசிக்கும். 2024இன் கொடியேற்றத்தை 9/8/2024 என்றும் தீர்த்தத்தை 2/9/2024 என்றும் அப்படியான கணினியில் எழுதினால், அது முதலாவதைச் செப்டெம்பர் 8 என்றும் இரண்டாவதைப் பெப்ரவரி 9 என்றும் எடுத்துக்கொண்டு, 24 வரவேண்டிய இடத்தில் சய 212 என்று காட்டும். இப்படிப் பெரிதாகப் பிழைத்தால் கண்டுபிடிப்பது சுகம். மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

இந்த முறை போட்ட கணக்கு

தீர்த்தம் முடிந்து மாலையில் நானும் அண்ணாவும் முற்றத்தில் இருந்து, நடந்து முடிந்த அதே திகதிகளை வைத்து, எப்படி வந்திருக்கவேண்டும் என்று ஒரு கொப்பித் தாளில் போட்டுப் பார்த்தோம்.

ஜூலை 29இல் கொடி. 24இலிருந்து ஒன்றைக் கழித்து 23ஐக் கூட்டினால் தேர் ஓகஸ்ட் 21. செவ்வாயிலிருந்து மூன்று கிழமையும் இரண்டு நாளும், ஆகவே வியாழன், சரி. தேர் காலையிலேயே என்பதால் முதல் நாள், அதாவது 20ஆம் திகதி இரவுக்குள் யாழ்ப்பாணத்தில் இருக்கவேண்டும். கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வரப் பகல் முழுதும் போகும் என்று வைத்தால், 20ஆம் திகதி காலை விமானம் இறங்கவேண்டும். வழியில் விமானம் மாறி வர ஒரு முழு நாள் பிடிக்கும் என்றால் இலங்கை நேரப்படி 19ஆம் திகதி காலை ரொறன்ரோவில் ஏறவேண்டும். ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் போனால் அது அங்கே 18ஆம் திகதி இரவு. ஆகவே சீட்டில் இருக்கவேண்டிய திகதி ஓகஸ்ட் 18, திங்கட்கிழமை. தேருக்கும் அந்தத் திகதிக்கும் வித்தியாசம் மூன்று. அவர் புறப்பட்டதோ 19ஆம் திகதி இரவு.

தங்கும் நாளையும் எண்ணினோம். 20ஆம் திகதி இரவு வந்து 24ஆம் திகதி காலை திரும்பினால் ஐந்து திகதிகள் படுகின்றன, ஆனால் இரவுகள் நான்கு. அறை எடுப்பவர் கொடுக்கவேண்டியது நான்கு இரவுக் காசு. அறை வாடகைக்கு இடைவெளி, சாப்பாட்டுக்கும் விடுமுறைக்கும் கதியால்.

அண்ணா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து பெரியம்மா கேட்டார், "தம்பி, திரும்பிப் போக எத்தினை நாள் கிடக்கு?" அவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பயணம், அன்று வெள்ளி. "இரண்டு நாள் அம்மா," என்றார் அண்ணா. பெரியம்மா விரலை மடித்தார். வெள்ளி, சனி, ஞாயிறு. "மூண்டு நாள் எண்டு சொல்லன்," என்றார்.